காய்ச்சல் விட்ட பிறகு என்ன கொடுப்பது? ஒரு டெங்கு நோயாளியின் சாப்பாட்டுக் கணக்கு

நோயாளி 19 வயதுப் பெண், எடை 46 கிலோ. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் காய்ச்சலோடு திருநெல்வேலிப் பக்கம் உள்ள தன் ஊருக்கு வந்து சேர்ந்தாள். ஒரே ஆளாக எழுதியிருந்தாலும், வார்டில் நான் உணவு ஆலோசனை சொன்ன பல பேருடைய விவரங்களைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். சோதனை எண்களும் நாட்களும் டெங்குவில் வழக்கமாகப் பார்ப்பவைதான்.

இந்த நோயில் பெரும்பாலான குடும்பங்கள் நன்றாகவே கவனித்துக்கொள்கிறார்கள். ஆனால் எந்த நாளில் எதைக் கொடுப்பது என்பது மட்டும் முன்பின்னாக மாறிப்போகிறது. உப்போடு நீராகாரம் வேண்டிய நாட்களில் வெறும் தண்ணீரும் பழச்சாறும் போகின்றன. சாப்பாடு கொடுக்கலாம் என்ற நாள் வந்தபோது அதே பழச்சாறு இன்னும் அதிகமாகப் போகிறது. இந்தப் பெண்ணின் வீட்டிலும் அதுதான் நடந்தது.

வீட்டில் இருந்த நாட்கள்

முதல் நாள் 103 டிகிரி காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பிலும் காலிலும் முறித்துப் போட்டது போல வலி. மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது. பிளேட்லெட் 1,34,000. பி.சி.வி. என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்களே, ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு பங்கு என்று சொல்லும் எண், அது 38. டாக்டர் பாராசிட்டமால் மட்டும் எழுதிக்கொடுத்து, வேறு வலி மாத்திரை எதுவும் போடக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், தினமும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

அம்மா அந்த "நிறையத் தண்ணீரை" அப்படியே பிடித்துக்கொண்டார். வார்டுக்கு வந்த பிறகு, முந்தைய நாள் என்னென்ன குடித்தாள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதினேன். இரண்டு இளநீர், ஒரு லிட்டருக்கு மேல் வெந்நீர், மருந்துக்கடை குளுக்கோஸ் பவுடர் கரைத்தது மூன்று டம்ளர், மாதுளைச் சாறு இரண்டு டம்ளர், காலையும் மாலையும் பப்பாளி இலைச் சாறு. சாப்பாடு என்றால் இரண்டு ரஸ்க். கஞ்சி கொடுக்கவில்லையா என்றேன். "காய்ச்சல்ல சோத்துத் தண்ணி சளி புடிக்கும்னு ஆச்சி சொல்லிட்டாவ மேடம்" என்றார்.

கூட்டிப் பார்த்தால் இரண்டரை லிட்டருக்குக் கிட்ட வருகிறது. அளவில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் உப்பு எங்கே இருக்கிறது? இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. பழச்சாறும் அப்படியே. குளுக்கோஸ் பவுடரில் பெரும்பகுதி சர்க்கரை. வெந்நீரில் எதுவும் இல்லை. இவள் வியர்வையிலும் வாந்தியிலும் சோடியத்தை இழந்துகொண்டிருக்கிறாள், உள்ளே போவதெல்லாம் சோடியம் குறைந்த திரவம். இப்படியே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலை கனம், குமட்டல், சோர்வு எல்லாம் கூடும். அது டெங்குவால் வந்தது என்று நினைத்து இன்னும் இரண்டு டம்ளர் வெந்நீர் கொடுப்பார்கள். வார்டில் எடுத்தபோது இவளுக்குச் சோடியம் 131. சாதாரணமாக 135க்கு மேல் இருக்க வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், காய்ச்சலின் அழுத்தத்தில் ரத்தச் சர்க்கரை ஏறியவர்களுக்கும், அந்தச் சர்க்கரையே தண்ணீரை இழுத்துக்கொண்டு சிறுநீராக வெளியே போகும். வீட்டில் இருப்பவர்கள் "யூரின் நல்லாப் போகுது" என்று நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே நீர் வற்றிக்கொண்டிருக்கும். வயதானவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

சரி, எவ்வளவு கொடுக்க வேண்டும்? இலங்கையின் தேசிய டெங்கு சிகிச்சை வழிகாட்டியில் இதற்கு எளிதான கணக்கு இருக்கிறது. 50 கிலோவுக்கு மேல் எடை உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,500 மில்லி, அதற்குக் குறைவானவர்களுக்குக் கிலோவுக்கு 50 மில்லி. 46 கிலோவுக்கு 2,300 மில்லி வருகிறது. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் 200 மில்லி பிடிக்கும் என்று வைத்தால் பதினொன்று, பன்னிரண்டு டம்ளர். அந்த வழிகாட்டி வெறும் தண்ணீரைவிட ஓ.ஆர்.எஸ்., செவ்விளநீர், பழச்சாறு, கஞ்சி, சூப் ஆகியவற்றைக் கொடுக்கச் சொல்கிறது. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும், இளநீரும் அவரைக் கேட்காமல் கூடாது.

இந்தப் பன்னிரண்டு டம்ளரில் ஐந்து டம்ளர் ஓ.ஆர்.எஸ். ஆக இருக்க வேண்டும் என்பது நான் சொல்லும் ஏற்பாடு. அதாவது ஒரு லிட்டர் பாக்கெட் ஒன்று. 200 மில்லி பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது, இரண்டையும் மாற்றிக் கரைத்துவிடுபவர்கள் உண்டு, ஆகவே பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்துக் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. டெட்ரா பேக்கில் ஆரஞ்சு சுவையோடு விற்கும் "எலக்ட்ரோலைட்" பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை. பலவற்றில் சர்க்கரை அதிகம், சோடியம் குறைவு.

மூன்று டம்ளர் கஞ்சி. இதை ஆச்சிக்கே கற்றுக்கொடுக்கச் சொன்னேன், ஏனென்றால் அவர் செய்தால்தான் அந்த வீட்டில் நடக்கும். புழுங்கலரிசி நொய் 50 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி. அதோடு இரண்டு டீஸ்பூன் வறுத்த பாசிப்பருப்பு. ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் விட்டு நன்றாகக் குழையவிட்டு, மத்தால் கடைந்து வடிகட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும். அதில் தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கூடுதலாகப் போட வேண்டாம். குடித்தால் கஞ்சி போல ருசிக்க வேண்டுமே தவிர ஊறுகாய்த் தண்ணீர் போல இருக்கக்கூடாது. வேண்டுமானால் இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டு எடுத்துவிடலாம். இதில் திரவமும் உப்பும் கொஞ்சம் மாவுச்சத்தும் ஒன்றாகப் போகின்றன.

மீதி நான்கு டம்ளரில் இளநீர் ஒன்று, உப்புப் போட்ட நீர் மோர் இரண்டு, அவளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. வெந்நீர் மாத்திரை விழுங்க மட்டும் போதும்.

குமட்டல் இருப்பவரிடம் முழு டம்ளரை நீட்டினால் இரண்டு மடக்கு குடித்துவிட்டு வைத்துவிடுவார், இல்லாவிட்டால் மொத்தமாக வாந்தி எடுப்பார். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மேஜைக்கரண்டி, அதாவது 30 மில்லி. பார்க்க ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். ஆனால் மணிக்கு 120 மில்லி ஆகிறது, விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 1,900 மில்லியைத் தாண்டிவிடும். ஆறிய கஞ்சி, லேசாகக் குளிர்ந்த மோர் என்றால் சூடானதைவிட வயிற்றில் தங்கும், ஆவியில் வாடை எழாது என்பதால் குமட்டலும் குறைவு. வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு கரண்டியிலிருந்து தொடங்கலாம். அதுவும் தங்கவில்லை, தொடர்ந்து வாந்தி வருகிறது என்றால் வீட்டில் முயன்றுகொண்டிருக்கக் கூடாது.

ரத்தச் சர்க்கரை ஏறாதவர்களுக்கு, போதுமான அளவு போகிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள எளிய வழி சிறுநீர்தான். பகலில் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளிர் மஞ்சளாகப் போனால் சரி. ஆறு மணி நேரம் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

காய்ச்சல் இறங்கிய நாள்

ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று ஆனது. 98 டிகிரி. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், தலைக்கு ஊற்றலாமா என்றுகூடப் பேச்சு வந்ததாம். பத்து மணிக்குள் மூன்று தடவை வாந்தி, மேல் வயிற்றில் வலி, எழுந்து நிற்க முடியாத மயக்கம். ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். பெரும்பாலும் நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும் இந்த 24 முதல் 48 மணி நேரத்தில் நுண் ரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போய்ச் சேரும். குழாயில் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். இவளுக்கு 38 என்பது 44 ஆகியிருந்தது, 16 சதவீத ஏற்றம். 20 சதவீதம் ஏறினால் கணிசமான கசிவு என்று கொள்வார்கள். பிளேட்லெட் 46,000. வயிற்று வலி, தொடர் வாந்தி, சோர்ந்து படுத்துவிடுவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உட்கார்ந்து உணவு யோசனை செய்யும் நேரம் இல்லை அது. வார்டில் சேர்த்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள்.

சேர்த்த அரை மணி நேரத்தில், வாந்தி பிடிக்கும் ட்ரேயில் கருஞ்சிவப்பாக ஒரு வாந்தி. நர்ஸ் ஓடி வந்தார், டூட்டி டாக்டர் வந்தார், பிளட் பேங்குக்குப் போன் போனது. ட்ரேயைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மாதுளை முத்தின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு "ரத்தம் ஊறட்டும்" என்று ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்தோம். ஆனால் இது நேர்மாறாகவும் நடக்கும். உண்மையாகவே வயிற்றில் ரத்தம் கசிந்து வாந்தியில் வரும்போது "மாதுளை குடிச்சா, அதான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதனால்தான் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து குணமாகும்வரை சிவப்பு, பழுப்பு, கறுப்பு நிறத்தில் எதையும் கொடுக்காதீர்கள் என்கிறோம். மாதுளை, பீட்ரூட், தர்பூசணி, கறுப்புத் திராட்சை, சாக்லேட் பானம், கோலா எல்லாம் அடங்கும். மாதுளை கெட்டது என்பதில்லை, அந்த வாரத்துக்கு மட்டும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. மலம் கறுப்பாகப் போனால் அது மாத்திரையா ரத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த இரண்டு நாளும் சாப்பாட்டுப் பக்கம் எனக்குப் பெரிய வேலை இல்லை. வாய் வழியாகப் போவதும் நரம்பு வழியாகப் போவதும் ஒரே கணக்கில்தான் சேர வேண்டும். மணிக்கு எத்தனை மில்லி என்று டாக்டர் அளந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா பாசத்தில் இரண்டு இளநீரை உள்ளே இறக்கினால், அந்த அரை லிட்டரும் கசிகிற குழாய் வழியாக நுரையீரலைச் சுற்றிப் போய் நிற்கும். ஆகவே கட்டில் தலைமாட்டில் ஒரு தாளை ஒட்டி, குடித்த ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதச் சொன்னோம். ஐந்தாம் நாள் மொத்தமாக வாய் வழியாகப் போனது 600 மில்லி கஞ்சியும் ஓ.ஆர்.எஸ்.ஸும். ஆறாம் நாள் கொஞ்சம் கூடுதல், அதோடு அரை இட்லி. சாப்பிடவில்லையே என்று அம்மா அழுதார். இரண்டு நாள் சாப்பிடாததால் எதுவும் ஆகிவிடாது, இப்போது வற்புறுத்தினால் வாந்திதான் வரும் என்று சொல்லி வைத்தேன்.

பசி திரும்பியது

ஏழாம் நாள் மதியம் அவளாகவே கேட்டாள்: "இட்லி இருக்காம்மா?"

இது தாய்மனசுக்கு மட்டும் நல்ல செய்தி இல்லை. டெங்குவில் பசி திரும்புவது வைத்தியக் கணக்கிலேயே ஒரு அடையாளம். வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும்போது, 48 மணி நேரம் காய்ச்சல் இல்லாதது, சிறுநீர் நன்றாகப் போவது இவற்றோடு பசி வந்ததா என்பதையும் பார்ப்பார்கள். கசிந்த நீர் குழாய்க்குள் திரும்ப வரத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அன்று அவளுக்குப் பி.சி.வி. 36. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து சிறுநீர் கழித்தாள். உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பு, கால் முழுக்கச் சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். எல்லாம் குணமாகும் கட்டத்துக்கு உரியவை. பிளேட்லெட் மட்டும் இன்னும் 52,000தான். அது எப்போதும் கடைசியாகத்தான் ஏறும்.

குடும்பத்தின் கண் அந்த 52,000 மேலேயே இருந்தது. ஆகவே முன்பைவிட வேகமாக இளநீர், கிவி ஜூஸ், சாத்துக்குடி என்று வரிசையாக வந்தன. இங்கேதான் தடுக்க வேண்டியிருந்தது. வெளியே கசிந்த ஒரு லிட்டரோ அதற்கு மேலோ தானாகவே குழாய்க்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது. கரை உடைந்து வயலில் பாய்ந்த தண்ணீர் மறுபடி குளத்துக்கே வந்துகொண்டிருக்கும்போது மதகையும் திறந்துவிட்டது போல ஆகும். டிரிப்ஸை அன்றே நிறுத்தினார்கள். வாய் வழியாகவும் "இவ்வளவு குடித்தே ஆக வேண்டும்" என்ற கணக்கை நிறுத்தி, தாகத்துக்குக் குடிக்கட்டும் என்றேன். இந்தக் கட்டத்தில் கண் இமை வீங்குவது, படுத்தால் இருமல், மூச்சு வாங்குவது, வயிறு உப்பிக்கொண்டு வருவது இவை திரவம் அதிகமாகிவிட்டதற்கு அடையாளம்.

இளநீருக்கு உண்மையான இடம் இங்கேதான், அதுவும் ஒன்றே ஒன்று. சிறுநீர் இப்படிப் பெருகிப் போகும்போது பொட்டாசியமும் கூடவே போகும். பொட்டாசியம் இறங்கினால் குடல் மந்தமாகும், வயிறு உப்பும், வந்த பசி மறுபடி போய்விடும். குணமாகும் கட்டத்தில் பசி வராமல் வயிறு உப்பிக்கொண்டே இருந்தால் பொட்டாசியத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு இளநீர், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் சாத்துக்குடி போதும்.

முதல் சாப்பாடுகள்

ஏழாம் நாள் மாலை ஒன்றரை இட்லி, பாசிப்பருப்பில் வைத்த தண்ணிச் சாம்பார். மிளகாய்ப்பொடி கேட்டாள், கொடுக்கவில்லை. பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது வயிற்றின் உள்தோலை எரிக்கும் காரம் வேண்டாம். ஈறும் நொந்திருக்கும், முறுக்கு, கரும்பு, வறுத்த கடலை போலக் கடித்துத் தின்பவையும் அந்த வாரத்துக்கு வேண்டாம்.

எட்டாம் நாள் பசி நன்றாகவே வந்துவிட்டது. ஆச்சி அலுமினியத் தூக்கில் நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும் கொண்டுவந்துவிட்டார். ஆனால் ஒரு வாரமாக ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாத உடம்பு இது. ஐந்து நாளுக்கு மேல் பட்டினியாகவோ பட்டினிக்குப் பக்கத்திலோ இருந்தவருக்கு வழக்கத்தில் பாதியிலிருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் முழு அளவுக்கு வர வேண்டும் என்பது உணவியலில் பொது விதி. திடீரென்று நிறைய மாவுச்சத்து போனால் ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று செல்களுக்குள் இழுக்கப்பட்டுக் குறைந்துவிடும். நல்ல உடம்போடு இருந்த இளம்பெண்ணுக்கு அந்த ஆபத்து குறைவுதான். ஏற்கெனவே மெலிந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், முதியவர் என்றால் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அன்று அவள் சாப்பிட்டது: காலையில் இரண்டு இட்லியும் பருப்புச் சாம்பாரும். பதினோரு மணிக்கு ஒரு வாழைப்பழம், மோர். மதியம் ஒரு கப் குழைந்த சோறு, கடைந்த பாசிப்பருப்பு, மிளகு குறைத்த ரசம், சுரைக்காய்க் கூட்டு. நான்கு மணிக்கு ஒரு அவித்த முட்டை. இரவு இரண்டு இடியாப்பம், பால். ஏறத்தாழ 1,000 கலோரி வரும், அவள் வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிக்குச் சற்று மேல்.

எண்ணெயைக் குறைத்ததற்குக் காரணம் கல்லீரல். டெங்குவில் கல்லீரல் நொதிகள் ஏறுவது சகஜம். இவளுக்கும் ஏறியிருந்தன. பூரி, வடை, தேங்காய் அரைத்த குழம்பு என்றால் உடனே குமட்டும், ஆகவே குமட்டல் போகும்வரை தாளிப்புகூட அரை டீஸ்பூன் எண்ணெயில்தான். அதற்காகப் பருப்பு, முட்டை, மீனைக் குறைக்கக் கூடாது. மஞ்சள் காமாலைக்குப் பத்தியம் இருப்பது போல வெறும் ரசம் சோறாகப் பல நாள் ஓட்டும் வீடுகள் உண்டு. அந்த ஒரு வாரத்தில் கரைந்த தசையைத் திரும்பக் கட்ட வேண்டிய நேரத்தில் புரதத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

கோழிக்குழம்பு விஷயத்துக்கு வருகிறேன். ஆச்சியைத் திருப்பி அனுப்ப மனமில்லை. மேலே மிதந்த எண்ணெயை அகப்பையால் எடுத்துவிட்டு, எலும்பில்லாத இரண்டு துண்டைத் தண்ணீரில் அலசிப் பிய்த்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கச் சொன்னேன். "சாறு மட்டும் குடுத்தாப் போதாதா, சத்தெல்லாம் அதுலதான இறங்கியிருக்கு?" என்றார். சாற்றில் உப்பும் ருசியும் கொஞ்சம் கொழுப்பும்தான் இறங்குகின்றன. புரதம் பெரும்பாலும் கறியிலேயே இருக்கிறது. ஆட்டுக்கால் சூப்புக்கும் இதே கதைதான். பசியைத் தூண்ட ஒரு கப் நல்லது, அதையே சாப்பாடாக நினைத்துவிடக் கூடாது.

வாய்க்கசப்பு பத்தாம் நாள்வரை இருந்தது. அதற்கு எங்கள் ஊர்ப் பழக்கமே மருந்து: நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு சின்னக் கீற்று, எலுமிச்சை பிழிந்த ரசம், சாப்பிடுவதற்கு முன் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது. சமையல் வாடையே ஆகாது என்றால், தாளித்து முடித்துக் கதவைத் திறந்துவிட்டு அரை மணி கழித்துக் கூப்பிடலாம்.

பிளேட்லெட்டை ஏற்றும் சாப்பாடு?

பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்காத வீடு இல்லை. 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீரோடு இதையும் சேர்த்துச் சொன்னது, ஆகவே மக்களைக் குறை சொல்ல முடியாது. இலைச் சாறு கொடுத்தவர்களுக்குப் பிளேட்லெட் சற்று முன்னதாக ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ரத்தக்கசிவையோ உயிரிழப்பையோ அது குறைத்ததாக நிரூபணமாகவில்லை. டெங்குவில் பிளேட்லெட் எப்படியும் ஏழாம், எட்டாம் நாளில் தானாக ஏறும். ஆறாம் நாள் கொடுத்த எதுவும் எட்டாம் நாள் பெயர் வாங்கிவிடும், அது கிவியாக இருந்தாலும் சரி, டிராகன் பழமாக இருந்தாலும் சரி. விலை குறைந்த கொய்யாவில் இருக்கும் வைட்டமின் சி கிவிக்குச் சளைத்ததில்லை.

இந்தப் பெண்ணின் விஷயத்தில் எனக்கு இருந்த ஆட்சேபம் ரொம்பச் சாதாரணமானது. நான்காம் நாள் அவள் எடுத்த இரண்டு வாந்தியும் இலைச் சாறு உள்ளே போன கால் மணி நேரத்தில் வந்தவை. ஒவ்வொரு வாந்தியோடும் அதற்கு முன் கஷ்டப்பட்டுக் குடித்த ஒரு டம்ளர் நீராகாரமும் போயிற்று. கசப்பு எதுவானாலும் வாந்தியைக் கொண்டுவந்தால் அன்றோடு நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன்.

வீட்டுக்குப் போன பிறகு

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிளேட்லெட் 78,000, எடை 43.5 கிலோ. எழுதிக்கொடுத்த தாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்தாம் நாளிலிருந்து வழக்கமான அளவு சாப்பாடு, மூன்று வேளைக்குப் பதில் ஐந்து வேளையாக. புரதம் நாளைக்கு 55 கிராம் வரும்படி, அதாவது கிலோவுக்கு 1.2 கிராம். இது எண்ணாகப் பார்த்தால் பயமாக இருக்கும். இரண்டு முட்டை, இரண்டு டம்ளர் பால், இரு வேளைப் பருப்பு, மதியம் ஒரு உள்ளங்கை அளவு மீன், இவற்றோடு இட்லியிலும் சோற்றிலும் இருப்பதைச் சேர்த்தால் ஆகிவிடும். மீன் குழம்பாக வேண்டாம், ஆவியில் வேகவைத்தோ தோசைக்கல்லில் சொட்டு எண்ணெயில் சுட்டோ கொடுக்கலாம். கடைப் பழச்சாறு, ஐஸ் போட்ட எதுவும் ஒரு மாதத்துக்கு வேண்டாம் என்றேன். இப்போதுதான் எழுந்த உடம்பில் ஒரு டைபாய்டோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் பிளேட்லெட் 1,90,000. அன்றோடு வீட்டில் பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் அவளுக்கு அப்போதுதான் களைப்பு நன்றாகத் தெரிந்தது. மாடிப்படி ஏறினால் உட்கார வேண்டும், மதியம் இரண்டு மணி நேரம் தூக்கம். டெங்குக்குப் பிறகு சில வாரங்கள் இப்படி இருப்பது சாதாரணம். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு காபி குடித்துச் சமாளித்தாள், அதனால் காலைப் பலகாரம் இறங்கவில்லை. காபியைப் பலகாரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் தள்ளி வைத்ததும் இட்லி இரண்டிலிருந்து நான்கானது. நான்காம் வார முடிவில் எடை 45.8.

இரண்டு மாதம் கழித்து அம்மா மறுபடி வந்தார், சீப்பில் வந்த முடியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு. கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம், தானாக நிற்கும், பயோட்டின் மாத்திரை வாங்க வேண்டியதில்லை என்றேன். ஆனாலும் ரத்தத்தைப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 11.1, பி.சி.வி. 34. லேசான ரத்தசோகை, காய்ச்சலுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த அன்று ரத்தம் கெட்டியாகியிருந்ததால் ஹீமோகுளோபின் 14க்கு மேல் காட்டியது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாம் நாள் பார்த்த 38ஐயே அவளுடைய இயல்பு அளவாக எடுத்திருந்தோம். இந்த 34ஐ வைத்துப் பார்த்தால் அன்றைய 44 என்பது 29 சதவீத ஏற்றம், நினைத்ததைவிடப் பெரிய கசிவு. காய்ச்சல் இல்லாத நாளில் எடுத்த பழைய ரத்த ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் அதை டாக்டரிடம் காட்டுவது இதற்காகத்தான்.

இரும்புச்சத்து மாத்திரையை அன்றுதான் தொடங்கினோம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, எலுமிச்சைச் சாற்றோடு, பக்கத்தில் டீயோ காபியோ பாலோ இல்லாமல். மாதுளையும் இனி தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.